விலங்குக் கதையில் அரசியலைப் படிப்பது எப்படி: ‘விலங்குப் பண்ணை’யை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பெரம்பூரில் ஒரு வீட்டின் மாடி அறையில் ஞாயிறு மாலைகளில் எட்டுப் பத்துப் பேர் கூடிப் புத்தகம் வாசிக்கிறோம். ரஷ்யப் புரட்சியை ஒரு பண்ணையின் கதையாகச் சொல்லும் ஜார்ஜ் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யை இதுவரை நான்கு முறை, நான்கு வெவ்வேறு குழுக்களோடு முழுமையாக வாசித்திருக்கிறேன். நான்கு முறையும் புதிதாக வந்தவர்கள் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். முதல் நாளே நோட்டில் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள்: நெப்போலியன் என்றால் ஸ்டாலின், ஸ்னோபால் என்றால் ட்ராட்ஸ்கி, பண்ணை முதலாளி ஜோன்ஸ் என்றால் ஜார் மன்னர். பட்டியலில் தவறில்லை. ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாசிப்பவர்களுக்குக் கதையில் இரண்டு பன்றிகளின் சண்டை மட்டுமே தெரிகிறது. ஸ்னோபால் ஜெயித்திருந்தால் பண்ணை பிழைத்திருக்கும் என்ற முடிவுக்கு வந்து புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கதை அப்படிச் சொல்லவில்லை.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் வர்க்கம், பிறகுதான் ஆள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

## 1. தொடங்குவதற்கு முன் வேண்டியவை

புத்தகம் சிறியது, பத்தே அத்தியாயங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ எதில் வாசித்தாலும் சரி, ஆனால் சுருக்கப் பதிப்பு வேண்டாம். பள்ளி மாணவர்களுக்காகச் சுருக்கியவர்கள் தீவன அளவுகளையும் முட்டைக் கணக்கையும்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியவை அவைதாம்.

ஒரு நோட்டில் நான்கு பத்திகள் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: விலங்கு, செய்யும் வேலை, கிடைக்கும் தீவனம், பொருந்தாதவை. நான்காவது பத்தி கடைசி வரை காலியாகவே கிடப்பதுபோல் தோன்றும். அதை அழித்துவிடாதீர்கள்.

இன்னொரு தாளில் ரஷ்ய வரலாற்றின் சில ஆண்டுகளை மட்டும் எழுதுங்கள். 1917 இல் ஜார் ஆட்சி வீழ்ந்து லெனின் தலைமையிலான போல்ஷ்விக்குகள் அதிகாரத்துக்கு வந்தார்கள். அடுத்து வந்தது உள்நாட்டுப் போர். 1921 இல் போல்ஷ்விக் ஆட்சியை எதிர்த்து எழுந்து நசுக்கப்பட்ட கிரோன்ஸ்டாட் மாலுமிகளின் கிளர்ச்சி, 1924 இல் லெனின் மரணம், 1929 இல் ஸ்டாலினின் போட்டியாளர் ட்ராட்ஸ்கி நாடுகடத்தப்பட்டது, அதே காலத்தில் தொடங்கிய கட்டாயக் கூட்டுப் பண்ணைகள், 1936 முதல் 1938 வரை பழைய தலைவர்களைத் துரோகிகள் என்று ஒப்புக்கொள்ளவைத்துக் கொன்ற மாஸ்கோ வழக்குகள், 1939 இல் ஹிட்லரோடு ஒப்பந்தம், 1941 இல் ஜெர்மனியின் படையெடுப்பு, 1943 இல் ஸ்டாலின் மேற்கு நாட்டுத் தலைவர்களோடு உட்கார்ந்த டெஹ்ரான் மாநாடு. இந்தத் தாளை மடித்துப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஐந்தாவது படிக்கு வரும் வரை அதை எடுக்க வேண்டாம்.

## 2. முதல் வாசிப்பில் பண்ணையை மட்டும் பாருங்கள்

முதல் முறை இது ஒரு பண்ணையின் கதை மட்டுமே. குடிகார முதலாளி தீவனம் போட மறந்துவிடுகிறான், பசித்த விலங்குகள் அவனைத் துரத்துகின்றன, பன்றிகள் நிர்வாகத்தை எடுத்துக்கொள்கின்றன. இந்த அளவிலேயே கதை உங்களை உலுக்க வேண்டும். பாக்ஸர் என்ற குதிரையைக் கசாப்புக்காரனின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் பக்கத்தில் உங்களுக்குத் தொண்டை அடைக்கவில்லை என்றால், நீங்கள் இன்னும் பட்டியலைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதற்குக் காரணம் உண்டு. நல்ல உருவகக் கதையில் மேல்கதை தன் காலிலேயே நிற்கும். எங்கே அது கொஞ்சம் சாய்கிறதோ, எங்கே ஒரு விலங்கு விலங்குபோல் நடந்துகொள்ளாமல் போகிறதோ, அங்கேதான் ஆசிரியர் வரலாற்றுக்காகக் கதையை வளைத்திருக்கிறார். மேல்கதையை முழுதாக அனுபவித்தவருக்குத்தான் அந்த வளைவு கண்ணில் படும்.

## 3. தீவனக் கணக்கு எழுதுங்கள்

இரண்டாம் வாசிப்பில் பென்சிலோடு உட்காருங்கள். யார் என்ன வேலை செய்கிறார்கள், யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். பேச்சுகளைக் குறிக்க வேண்டாம். அரசியல் விலங்குக் கதையில் பேச்சு மாறிக்கொண்டே இருக்கும். தீவனத்தைப் பின்தொடர்ந்தால் வர்க்கம் எங்கே பிரிகிறது என்பது தெரிந்துவிடும்.

முதல் குறிப்பு இரண்டாம் அத்தியாயத்தின் முடிவிலேயே வந்துவிடும். புரட்சி முடிந்த முதல் நாள். பசுக்களின் மடி கனத்துவிட்டதால் பன்றிகள் பால் கறக்கின்றன. ஐந்து வாளிப் பால். அதை என்ன செய்வது என்று மற்ற விலங்குகள் கேட்கும்போது நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, பாலை விடுங்கள், அறுவடைதான் முக்கியம் என்கிறது. மாலையில் எல்லோரும் வயலிலிருந்து திரும்பும்போது பாலைக் காணோம். அடுத்த அத்தியாயத்தில்தான் அது பன்றிகளின் தீவனத்தில் கலக்கப்படுவது தெரிகிறது. கூடவே தோட்டத்தில் உதிர்ந்த ஆப்பிள்களும் பன்றிகளுக்கே என்று உத்தரவு வருகிறது.

புதியவர்கள் இந்த இடத்தைச் சின்ன விஷயம் என்று தாண்டிப் போய்விடுவார்கள். கணக்கு எழுதுபவர் தாண்ட முடியாது. வேலை பத்தியில் ‘மேற்பார்வை’ என்றும் தீவனப் பத்தியில் ‘பால், ஆப்பிள்’ என்றும் முதல் முறையாக ஒரே வரியில் எழுதுகிறீர்கள். ஆசிரியர் அங்கே சேர்த்திருக்கும் ஒரு வாக்கியத்துக்கு அடிக்கோடு இடுங்கள்: இந்த ஒரு விஷயத்தில் எல்லாப் பன்றிகளும் ஒத்துப்போயின, ஸ்னோபாலும் நெப்போலியனும்கூட. மற்ற எல்லாவற்றிலும் மோதிக்கொள்ளும் அந்த இருவரும் பாலில் மட்டும் மோதவில்லை.

இப்படியே தொடர்ந்தால், முதிய விலங்குகள் ஓய்வுக்காலத்தில் மேய்வதற்கென்று ஒதுக்கிய புல்வெளி எட்டாம் அத்தியாயத்தில் உழப்படுவது கண்ணில் படும். புல் தேய்ந்துவிட்டது, மறுவிதைப்பு தேவை என்று காரணம் சொல்கிறார்கள். விதைக்கப்போவதோ பார்லி. சில பக்கங்கள் கழித்து ஒவ்வொரு பன்றிக்கும் தினமும் பீர் கிடைக்கிறது. ஓய்வூதியம் எப்படிச் சாராயமாக மாறியது என்பதை ஆசிரியர் எங்கும் சொல்லவில்லை. அதைச் சொல்வது உங்கள் நோட்டின் இரண்டு வரிகள்.

## 4. இனத்தையும் பெயரையும் பிரியுங்கள்

இப்போது கணக்கைப் பார்த்து ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதன் இடத்தில் இதே இனத்தின் வேறொன்றை வைத்தால் கதை மாறுமா?

செம்மறி ஆடுகளில் எந்த ஆட்டை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது. நெப்போலியன் குட்டியிலேயே பிரித்து வளர்த்த ஒன்பது நாய்களும் அப்படியே. கோழிகளும் அப்படித்தான். இவற்றுக்குப் பெயரும் இல்லை. இவை வர்க்கங்கள் அல்லது நிறுவனங்கள்: கோஷம் போடும் கூட்டம், ரகசியக் காவல், விவசாயிகள். நெப்போலியனையோ ஸ்னோபாலையோ மாற்றினால் கதை மாறிவிடும். அவை ஆட்கள்.

இதற்கு நடுவில் ஒரு மூன்றாவது வகை இருக்கிறது. புதியவர்கள் அதிகம் குழம்புவது அங்கேதான். பாக்ஸருக்குப் பெயர் உண்டு, ஆனால் வரலாற்றில் அதற்கு ஈடான ஒற்றை மனிதர் கிடையாது. ஒரு வர்க்கம் முழுவதையும் ஓர் உடலில் காட்டுவதற்காக வைத்த பெயர் அது. மோலியும் குதிரைதான். ஆனால் ரிப்பனுக்கும் சர்க்கரைக் கட்டிக்கும் ஏங்கி வேறு முதலாளியிடம் ஓடிவிடுகிறது. ஒரே இனம், இரண்டு வர்க்கம். ஆகவே இனம் என்பது வர்க்கத்துக்கு முதல் அடையாளம்தான், முடிவான சான்று அல்ல. ஐயம் வந்தால் தீவனக் கணக்குக்குத் திரும்புங்கள்.

உறுதிசெய்ய இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி. மூன்றாம் அத்தியாயத்தில் யார் எவ்வளவு படிக்கக் கற்றார்கள் என்று பாருங்கள். பன்றிகள் நன்றாக எழுதப் படிக்கின்றன. பாக்ஸர் நான்காவது எழுத்தைத் தாண்டவில்லை. குளோவர் என்ற குதிரைக்கு எல்லா எழுத்தும் தெரியும், ஆனால் சொல்லாகக் கூட்டத் தெரியாது. பெரும்பாலான விலங்குகள் முதல் எழுத்தோடு நின்றுவிட்டன. பெஞ்சமின் என்ற கழுதைக்குப் பன்றிகளுக்கு நிகராகப் படிக்கத் தெரியும், ஆனால் படிக்க மாட்டேன் என்கிறது. பண்ணையின் சட்டமாகச் சுவரில் எழுதிய ஏழு கட்டளைகளை இரவோடிரவாகத் திருத்த முடிவது இந்த ஏணியால்தான். மெத்தையில் உறங்கக் கூடாது என்ற கட்டளையோடு ‘விரிப்போடு’ என்ற சொல் சேர்ந்துவிட்டதை, குளோவர் தானே படிக்க முடியாமல், ஓர் ஆட்டைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறது. தெரிந்த பிறகும் தன் நினைவைத்தான் சந்தேகிக்கிறது.

விலங்கின் உடலையும் விட்டுவிடாதீர்கள். ஏன் பன்றி? 1944 இல் இந்தக் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பிய ஒரு லண்டன் பதிப்பாளர், ஆளும் கூட்டமாகப் பன்றிகளைக் காட்டியது ரஷ்யர்களைப் புண்படுத்தும், வேறு விலங்காக இருந்தால் பரவாயில்லை என்று எழுதினார். மாற்றியிருந்தால் என்ன இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். சிங்கத்தை வைத்தால் அது பிறப்பிலேயே அரசன். நம் பஞ்சதந்திரத்தின் முதல் பகுதியில் பிங்களகன் என்ற சிங்கம் தொடக்கத்திலேயே அரசனாக இருக்கிறது, முடிவிலும் அரசனாகவே இருக்கிறது. இடையில் நரி செய்யும் சூழ்ச்சியால் எருது சாகிறது, ஆட்சி மாறவில்லை. பன்றியோ மற்றவற்றோடு ஒரே தொழுவத்தில் அடைபட்டு, அதே கத்திக்குக் காத்திருந்த விலங்கு. அது மேலே ஏறுவதைப் படிப்படியாகக் காட்ட முடியும், கடைசியில் இரண்டு காலில் நிற்கவைக்கவும் முடியும். ஆட்சி செய்யும் வர்க்கம் கண்ணெதிரே உருவாவதுதான் கதை என்பதால் பிறவி அரசன் இதற்கு உதவ மாட்டான்.

## 5. முகத்தை விட்டு நிகழ்ச்சியைப் பொருத்துங்கள்

இப்போதுதான் மடித்து வைத்த தாளை எடுக்க வேண்டும். யார் யாரைப் போல இருக்கிறார் என்று தேடாதீர்கள். எந்த நிகழ்ச்சி எந்த நிகழ்ச்சியின் வடிவில் இருக்கிறது என்று தேடுங்கள். சாயலை எங்கும் காணலாம். காரணமும் விளைவும் அதே வரிசையில் வருவது தற்செயலாக நடக்காது.

கோழிகளின் கிளர்ச்சியை எடுத்துக்கொள்வோம், ஏழாம் அத்தியாயம். குளிர்காலம், தீவனம் தட்டுப்பாடு. தானியம் வாங்கப் பணம் வேண்டும் என்பதற்காக வாரம் நானூறு முட்டைகள் விற்க நெப்போலியன் ஒப்பந்தம் போடுகிறது. கோழிகள் அப்போதுதான் வசந்தகால அடைகாப்புக்கு முட்டைகளைச் சேர்த்து வைத்திருந்தன. கொடுப்பதற்குப் பதில் உத்திரத்தில் ஏறி நின்று முட்டையிட்டுக் கீழே விழுந்து உடையவிடுகின்றன. நெப்போலியன் கோழிகளின் தீவனத்தை நிறுத்துகிறது. ஒரு தானியமணி கொடுப்பவருக்கும் மரண தண்டனை. நாய்கள் காவல். ஐந்து நாளில் கோழிகள் பணிகின்றன. ஒன்பது கோழிகள் இறந்துவிட்டன. நோயால் இறந்ததாக அறிவிப்பு வருகிறது.

இதை ஐந்து துண்டாக்கி எழுதுங்கள்: வெளியே விற்பதற்காக விளைச்சலைக் கட்டாயமாக எடுப்பது, கொடுப்பதைவிட அழித்துவிடுவதே மேல் என்று உற்பத்தி செய்தவர்களே அழிப்பது, உணவை நிறுத்துவது, பட்டினிச் சாவு, சாவுக்கு வேறு காரணம் சொல்வது. பிறகு தாளைப் பாருங்கள். 1929 இல் முழு வேகம் பெற்ற கூட்டுப் பண்ணைத் திட்டத்தில் சோவியத் அரசு தானியத்தைப் பறித்து ஏற்றுமதி செய்தது. விவசாயிகள் தங்கள் கால்நடைகளைத் தாங்களே வெட்டினார்கள். 1932, 33 இல் உக்ரைனிலும் பிற பகுதிகளிலும் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தார்கள். பஞ்சமே இல்லை என்று அரசு வெளியுலகுக்குச் சொன்னது. ஐந்து துண்டும் அதே வரிசையில் விழுகின்றன. இனி கோழிகள் விவசாயிகள் என்று நீங்கள் சொன்னால் அதற்குச் சான்று இருக்கிறது.

இங்கே நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஒரு முறை பொருந்திவிட்டால் கடைசி வரை அந்தக் கோழிகளை விவசாயிகளாகவே வைத்துக்கொள்கிறார்கள். அதே அத்தியாயத்தில் அந்தக் கிளர்ச்சியை நடத்திய மூன்று கோழிகள் முன்வந்து, கனவில் ஸ்னோபால் தூண்டியது என்று ஒப்புக்கொண்டு கொல்லப்படுகின்றன. அது பஞ்சம் அல்ல, 1936 முதல் நடந்த மாஸ்கோ வழக்குகள். ஒரே விலங்கு சில பக்க இடைவெளியில் வேறு ஒருவரின் இடத்தில் நிற்கலாம். ஆகவே நோட்டில் அத்தியாய எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.

## 6. ஒரு சொல் மாறியதைக் கவனியுங்கள்

எட்டாம் அத்தியாயத்தில் பக்கத்துப் பண்ணைக்காரன் பிரெடரிக், மரம் வாங்கியதற்குக் கள்ளநோட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு ஆட்களோடு வந்து தாக்குகிறான், விலங்குகள் பாடுபட்டுக் கட்டிய காற்றாலையை வெடிவைத்துத் தகர்க்கிறான். 1939 ஒப்பந்தமும் 1941 படையெடுப்பும் இதில் தெளிவாகத் தெரிகின்றன, விளக்கம் தேவையில்லை.

வெடிக்கும் நொடியில் எல்லா விலங்குகளும் தரையில் குப்புற விழுகின்றன. முதலில் ஆர்வெல் எழுதியது நெப்போலியன் உட்பட எல்லாம் விழுந்தன என்று. அச்சுக்குப் போகும் முன் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதி அதை ‘நெப்போலியனைத் தவிர’ என்று மாற்றச் சொன்னார். ஜெர்மன் படை நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டுப் போகவில்லை, அவருக்கு நியாயமாக இருக்க வேண்டும் என்பது காரணம்.

இதை நான் ஒவ்வொரு குழுவிலும் நிறுத்திச் சொல்வேன். வெறுக்கும் ஆளுக்கும் செய்யாத கோழைத்தனத்தை ஏற்றக் கூடாது என்று ஆசிரியர் ஒரு சொல்லுக்காகக் கடிதம் எழுதியிருக்கிறார். அத்தனை துல்லியமாகப் பொருத்தியிருக்கும் கதையில் நாமும் அதே துல்லியத்தோடு வாசிக்க வேண்டும். ‘ஏறக்குறைய அதுபோலத்தான்’ என்று நோட்டில் எழுத நேர்ந்தால், அந்த வரியை நான்காவது பத்திக்கு மாற்றுங்கள்.

## 7. பொருந்தாதவற்றை எழுதுங்கள்

நான்காவது பத்தி இப்போது நிரம்பத் தொடங்கும். பெரிய இடைவெளி லெனின். கனவைச் சொல்லிவிட்டுப் புரட்சிக்கு முன்பே இறந்துபோகும் கிழப் பன்றி மேஜரின் கொள்கை மார்க்ஸை நினைவூட்டுகிறது. அதன் மண்டையோட்டைக் கம்பத்தடியில் வைத்து விலங்குகள் வணங்கிச் செல்வது லெனினின் பதப்படுத்திய உடலை நினைவூட்டுகிறது. ஆனால் புரட்சியை நடத்தி ஆறாண்டுக்கு மேல் ஆண்ட லெனினுக்குப் பண்ணையில் ஒரு பன்றியும் இல்லை. பட்டியல் போடுபவர்கள் மேஜரை லெனின் என்று எழுதி ஓட்டையை அடைத்துவிடுகிறார்கள். அடைக்காமல் வையுங்கள். லெனினின் ஆண்டுகளில் தொடங்கியது எது, பின்னால் வந்தது எது என்ற கேள்வியை இந்தக் கதை நேராகக் கேட்கவில்லை என்பது ஓர் உண்மையான குறை, அதைக் குறித்துக்கொள்வதும் வாசிப்பின் பகுதி.

இரண்டாவது, இந்த வடிவத்துக்கே உள்ள எல்லை. பன்றி பிறவியிலேயே புத்திசாலி, செம்மறி பிறவியிலேயே மந்தம் என்று கதை வைத்துக்கொள்கிறது. மனித வர்க்கங்கள் அப்படிப் பிறப்பதில்லை. தொழிலாளியின் பிள்ளை படித்தால் படிப்பாள். சாதியைப் பிறப்போடு கட்டிவைத்த நம் நாட்டில் இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விடுவது ஆபத்து. இனத்தை வர்க்கமாகப் படிக்கலாம், வர்க்கத்தை இனமாகப் படிக்கக் கூடாது.

## 8. நம் ஊருக்குக் கொண்டுவருவது கடைசியில்

சென்னையில் இந்தக் கதையை வாசிக்கத் தொடங்கி பத்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் நம் கட்சிகளின் பெயரைச் சொல்லிவிடுவார். உடனே அறை இரண்டாகப் பிரிந்துவிடும், புத்தகம் மூடிக்கிடக்கும். அதனால் முன்னைய ஏழு படிகளும் முடியும் வரை உள்ளூர்ப் பெயர் கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகும் ஆளை மாற்றிப் போட வேண்டாம், உறவை மட்டும் மாற்றிப் போடுங்கள்: யார் உழைத்தார்கள், அவர்களுக்கு என்ன வாக்குறுதி கொடுத்தார்கள், அது எங்கே போனது.

ஒரு குழுவில் பின்னி மில் தொழிலாளி ஒருவரின் மகள் இருந்தார். பாக்ஸரின் பத்தியில் அவர் எந்தத் தலைவர் பெயரையும் எழுதவில்லை. ‘புல்வெளி’ என்று எழுதி, எதிரில் ‘அப்பாவின் கணக்குத் தீர்ப்பு’ என்று எழுதினார். இருபது ஆண்டுப் பட்டியல்களில் நான் பார்க்காத துல்லியம் அந்த ஒரு வரியில் இருந்தது.

கடைசி நாளில் ஒரு பயிற்சி வைக்கிறேன். பன்றிகளும் மனிதர்களும் சேர்ந்து சீட்டாடுவதை மற்ற விலங்குகள் ஜன்னல் வழியாகப் பார்க்கும் பக்கத்தை வாசித்து முடித்ததும், எந்த இடத்தில் இதைத் தடுத்திருக்கலாம் என்று ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் எழுத வேண்டும். ஸ்னோபாலை நாய்கள் துரத்தும் ஐந்தாம் அத்தியாயத்தைத்தான் பெரும்பாலானவர்கள் எழுதுவார்கள். பிறகு நோட்டைத் திறந்து தீவனப் பத்தியில் முதல் வித்தியாசம் எந்த வரியில் வருகிறது என்று பார்க்கச் சொல்வேன். அது அதற்கு மூன்று அத்தியாயம் முன்பே வந்துவிட்டிருக்கும். 1946 இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஆர்வெலே சொல்லியிருக்கிறார்: பன்றிகள் பாலையும் ஆப்பிளையும் தங்களுக்கே வைத்துக்கொண்டதுதான் கதையின் திருப்பம், அது கிரோன்ஸ்டாட். தாளில் 1921 என்ற ஆண்டுக்கு எதிரே அதுவரை ஒன்றும் எழுதாமல் விட்டிருப்பார்கள். அங்கே ‘ஐந்து வாளிப் பால்’ என்று எழுதிக்கொண்டு, அடிக்கோடிட்ட அந்த வாக்கியத்தை மீண்டும் ஒரு முறை உரக்க வாசிப்போம்: ஸ்னோபாலும் நெப்போலியனும்கூட.